புண்ணின் மேல் பறந்த பூ

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதனால்தான் மருமகள் என்னைக் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினாள்.

அவள் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். சீனி வருத்தக்காரர் கால்களைக் கவனிப்பது பற்றி எங்கள் கிளினிக் டொக்டர் அம்மா கமராவுக்கு முன்னால் நீளமாகக் கதைத்திருந்தார். காத்திருக்கிற ஆட்களுக்குக் காட்ட அதைத் தயாரிக்கும் வேலை இவளுக்கு வந்தது. முதலில் கொடுத்ததை ஒருவரும் பார்க்கவில்லையென்று திரும்பி வந்துவிட்டது. இந்த முறையும் சரிவராவிட்டால் வேலை கொழும்புக்குப் போய்விடும்.

வெங்காயத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். டொக்டர் அம்மா கதைக்கக் கதைக்கப் படம் பெருத்தது, சிறுத்தது, சுழன்றது. ஒரு காற்புண்ணைக் காட்டும்போது ரோசா இதழ்கள் பறந்தன.

"பிள்ளை, புண்ணுக்கு மேல பூப் பறக்குது."

"ஐயோ மாமி! அது மாலை மாத்தேக்க போடுறது. கை பழகிப்போச்சு."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு பூ, சுழற்சி, பின்னணிப் பாட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டாள். இப்போது நேரே ஒரு முகம், பக்கவாட்டில் ஒரு முகம், திரும்ப நேரே. எனக்கு ஏதோ அலுத்தது. ஆனால் சொல்லக் கூச்சம், வெங்காயத்தை உரித்தேன்.

"வாயால சொல்ல மாட்டியள். உங்கட கை சொல்லுது" என்றாள். நான் எந்த இடத்தில் உரிக்கத் தொடங்குகிறேன் என்றுதான் பார்த்திருக்கிறாள், கள்ளி. "எல்லாத் துண்டும் ஒரே நீளம் மாமி. மணிக்கூடு அடிக்கிற மாதிரி. நித்திரை வராம என்ன செய்யும்?"

பிறகு புதிதாக வெட்டினாள். காலில் ஆணி ஏறியதும் தெரியாமல் நடந்த மனிதரின் கதையை டொக்டர் அம்மா சொல்லும் இடத்தில் வெட்டவேயில்லை. முகத்தை அப்படியே விட்டாள். கால் கழுவும் இடத்தில் குரல் ஓடிக்கொண்டிருக்க, தண்ணீர், சவர்க்காரம், குதிக்கால் என்று சின்னச் சின்னத் துண்டுகள். கடைசியில் விரலிடுக்கைத் துவாயால் ஒற்றுகிற படம். அதைப் பேச்சில்லாமல் கொஞ்ச நேரம் நிற்கவிட்டாள். பேச்சில் ஒரு விஷயம் முடிகிற இடத்தில்தான் படமும் மாறியது.

தட்டில் பாதி வெங்காயம் உரிக்காமல் கிடந்தது. "இண்டைக்குக் கறி பிந்தும்" என்றாள், சந்தோஷமாக.

அடுத்த கிளினிக் நாளில் அவளும் என்னோடு வந்து, டிவியைப் பார்க்காமல் ஆட்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாதி ஒரு இலக்கத்தைக் கூப்பிட்டாள். ஒருவரும் எழும்பவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த, கிண்ணியா ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"என்ட நம்பர்தான் மகள். கொஞ்சம் பொறுங்க, அந்தத் துவாய்க் கதை முடியட்டும்."

மருமகள் என் தோளில் முகத்தை வைத்து நீளமாக மூச்சு விட்டாள்.