நனைக்காத மாதிரித் துண்டு

குளிர் நாட்டில் படிக்கும் மகளுக்காக நான் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தபோது, மயிலாப்பூரில் ஃபேனுக்கு அடியிலும் வியர்த்துக் கொட்டியது. முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்தேன். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு இருபத்திரண்டு கண்ணி, அதாவது ஊசியில் இருபத்திரண்டு நூல் வளையம். மார்புச் சுற்றளவு நூறு சென்டிமீட்டர் வேண்டும். ஆகவே வட்ட ஊசியில் இருநூற்று இருபது கண்ணி போட்டேன். மூன்று வாரத்தில் அக்குள்வரை வந்துவிட்டேன்.

அன்றைக்கு அடையாறிலிருந்து என் தோழி வந்தாள். அவளும் பின்னுகிறவள்தான். பின்னலைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில், “மாதிரித் துண்ட நனைச்சுக் காய வச்சு அளந்தியா?” என்று கேட்டாள்.

“இந்த ஊர்ல எவ ஸ்வெட்டரத் துவைக்கறா?” என்று எரிந்து விழுந்தேன்.

“போட்டுக்கப் போறது நீயா? அவ துவைப்பாளே.”

துண்டை நனைத்து, துவாலையில் ஒற்றி, தட்டையாகப் பரப்பிவைத்தேன். இந்தப் புழுக்கத்தில் அது காய இரண்டு நாள் ஆனது. பின்னும்போது என் கை இழுத்த இழுப்பில் விறைத்திருந்த கம்பளி, தண்ணீர் பட்டதும் தளர்ந்து அகன்றுவிட்டது. இப்போது பத்து சென்டிமீட்டருக்கு இருபதே கண்ணி. அப்படியானால் என் இருநூற்று இருபதும் துவைத்தபின் நூற்றுப் பத்து சென்டிமீட்டர் ஆகிவிடும். வேண்டியது இருநூறு கண்ணிதான்.

மூன்று வார வேலையைப் பிரிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மடி நிறையச் சுருள் சுருளாக நூல் கிடந்தது. இன்றைக்கே இருநூறு கண்ணி போட்டுவிடுகிறேன் என்று தோழியிடம் போனில் சொன்னேன்.

“அவசரப்படாத. பிரிச்ச நூலையும் நனைச்சுக் காய வச்சு, சுருள் போனப்புறந்தான் போடணும்” என்றாள்.