இரண்டு தட்டு வெங்காயம்

கருவடிக்குப்பத்து வீட்டில் விடிந்தால் எங்களுக்கு வெங்காயம்தான். தவளக்குப்பத்தில் ஒரு பிரியாணிக் கடைக்குப் பொன்னிறமாகப் பொரித்துக் கொடுக்கிறோம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் கத்தியைப் பிடித்தார், நான் அடுப்பைப் பிடித்தேன். இந்த வேலையில் அலுப்பில்லை என்று யாராவது சொன்னால் ஒரு மூட்டையை உரிக்கக் கொடுப்பேன்.

ஒரு நாள் கடைக்காரர் போன் செய்தார். பிரியாணி கசக்கிறதாம், இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். எண்ணெயைச் சந்தேகப்பட்டேன், அடுப்பைத் திட்டினேன். மறுநாள் வெட்டிய வெங்காயத்தைக் கையால் அளைந்தபோதுதான் விளங்கியது. ஒரு கீற்று காகிதம் போல இருந்தது, பக்கத்துக் கீற்று அதைவிட இரண்டு மடங்கு தடிமன். தடித்தது நிறம் மாறுவதற்குள் மெல்லியது கருகிவிடும். கருகியது ஒரு பிடி கலந்தால் மொத்தமும் கசக்கும்.

கத்தி பிடித்த அவர் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. காபி டம்ளரில் எப்போதாவது பார்த்த நடுக்கம்தான், வேலை வரைக்கும் வரும் என்று நினைக்கவில்லை. மில் போனபோதே பாதி ஆளாகிப்போனவர். இந்தக் கத்தியையும் கையிலிருந்து பிடுங்கிவிட்டால் என்ன ஆவாரோ என்று பயந்தேன்.

அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் மெல்லியதை ஒரு தட்டிலும் தடித்ததை ஒரு தட்டிலும் பொறுக்கி வைத்துத் தனித்தனியாகப் பொரித்தேன். கசப்பு போனது, என் இடுப்பும் போனது. கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தண்ணீர் குடிக்க வந்தவர் இரண்டு தட்டையும் பார்த்துவிட்டார். வெங்காயம் சரியில்லை என்று சமாளித்தேன்.

"வெங்காயத்து மேல பழி போடாத. என் கைதான்" என்றார்.

மறுநாள் காலை கத்தியையும் பலகையையும் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு உப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். நான் ஒரே சீராக வெட்டி உதிர்த்துவிட, அவர் உப்பைத் தூவினார். பிரியாணியிலும் உப்பு இருக்கிறது, கொஞ்சமாகப் போடுங்கள் என்றேன். வெங்காயம் தண்ணீர் விட்டதும் துணியில் கட்டிப் பிழிந்தார். நம்பிக்கையில்லாமல் வாங்கி நானும் ஒரு முறை பிழிந்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

மிதமான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறினேன். எடுத்த பிறகும் நிறம் ஏறும் என்பதால், இளம்பொன்னாக இருக்கும்போதே அரித்தெடுத்துப் பரப்பினேன். அன்று ஒரே தட்டுதான். ஆறியதும் அவர் ஒரு கீற்றை எடுத்துக் கடித்தார். மொறுமொறுவென்று இருந்தது, கசப்பே இல்லை.

"உப்பு தூவ இந்தக் கை தோதா கீது. நானா ஆட்ட வேண்டியதில்ல" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை.