ஆவடியை விட்டுப் போகாத பேபி

இடமாற்ற உத்தரவு ரத்தாகிவிட்டது என்று கணவன் எழில் வந்து சொன்னபோது, பேபி பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, ஆனால் பிடிபடவில்லை. கையிலிருந்த டம்ளரையும் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்ப நாக்பூர்?"

"இல்ல. இங்கேயேதான். இன்னும் ரெண்டு வருஷம் அசைக்க மாட்டாங்களாம்."

மகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டாம் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. பேபி அடுத்த டம்ளரை எடுக்கவில்லை. முந்தின வாரம்தான் தன் தொழிலை மொத்தமாக அகல்யாவிடம் கொடுத்திருந்தாள்.

எழிலுக்குப் பாதுகாப்புத் துறையில் தணிக்கைப் பிரிவு. சில வருடங்களுக்கு ஒருமுறை ஊர் மாறும். புனேயில் பேபி இட்லி மாவு அரைத்து விற்றாள். அடுத்த ஊருக்கு லாரியில் போனபோது கிரைண்டர் கல் உடைந்தது. அந்த ஊரில் மாவு கேட்கவும் ஆளில்லை. ஜபல்பூரில் டியூஷன் எடுத்தாள். பிள்ளைகளின் மதிப்பெண் ஏறி, பேச்சு பரவி, கூட்டம் சேர்ந்த சமயத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் புடவை மடிப்பைப் பிடித்தாள். கட்டுபவரின் இடுப்பு அளவையும் உயரத்தையும் வாங்கிக்கொண்டு, கொசுவத்தையும் முந்தானையையும் முன்கூட்டியே மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிப் பெட்டியில் கொடுப்பது. வாங்கியவர் சில நிமிடங்களில் கட்டிக்கொள்ளலாம். பட்டு என்றால் சூட்டைக் குறைத்து, மேலே பருத்தித் துணி விரித்துத் தேய்க்க வேண்டும். நீராவி இஸ்திரிப் பெட்டி, அளவு நாடா, கிளிப்புகள், மடக்கு மேசை. இவ்வளவுதான் சரக்கு. எந்த ஊரிலும் கல்யாணம் உண்டு, புடவை உண்டு.

ஊரை விட்டுப் போகிறவள் தன் வாடிக்கையாளர்களை அங்கேயே இருப்பவள் ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது குவார்ட்டர்ஸ் பெண்களிடையே வழக்கம். முகூர்த்த மாதத்தில் யாரும் தவித்துப் போகக் கூடாது என்பதற்காக. அதற்குப் பணம் வாங்க மாட்டார்கள். பேபி ஒரு வாரம் அகல்யாவைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தாள். வாட்ஸ்அப் குழுவில் அவளை அட்மின் ஆக்கி, இனி எல்லாம் அகல்யாதான் என்று எழுதிவிட்டுத் தானே வெளியேறினாள்.

"கேட்டா குடுத்துடப் போறா. இதுல என்ன இருக்கு?" என்றான் எழில்.

அகல்யா அடுத்த பிளாக்கில் இருந்தாள். அவள் கணவனுக்குத் தொழிற்சாலையில் வேலை, ஊர் மாறாத வேலை. பேபி போனபோது மேசைமேல் லாவண்யாவின் மாம்பழ நிறப் பட்டு விரிந்திருந்தது. ஆவடியில் பேபிக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் லாவண்யா. மடிப்புகள் அத்தனையும் ஒரே அகலத்தில் இருந்தன. பேபி செய்தது போலவே இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

விஷயத்தைச் சொன்னாள். அகல்யா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலையைத் திங்கட்கிழமையே விட்டுவிட்டதாகச் சொன்னாள். விடச் சொன்னதே பேபிதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆர்டர் தாமதமாகும் என்று அவள்தான் எச்சரித்திருந்தாள்.

"பாதியாவது பிரிச்சுக்கலாமா?"

அகல்யா கோபப்படவில்லை. அதுதான் பேபியை இன்னும் உலுக்கியது.

"அக்கா, நீ ரெண்டு வருசத்துல கெளம்பிடுவ. நா இங்கயேதான் கீறேன். இன்னிக்குக் குடுத்துட்டு, அப்பறம் நீ போம்போது திரும்ப வாங்கிக்கினு... எனுக்கு அது வோணாம்க்கா. டீ குடிச்சிட்டுப் போ."

பேபி டம்ளரை வாங்கிக்கொண்டாள். டீயைக் குடித்தாளா என்பதுகூட அவளுக்குப் பிறகு நினைவில் இல்லை. தன் தொழிலைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம் என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டிருந்தாள். போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று பெட்டிகளைப் பிரிக்கவில்லை.

மறுநாள் மகளைப் பள்ளியில் விட்டதும் மடக்கு மேசையையும் பையையும் எடுத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறினாள். அம்பத்தூர் தாண்டிக் கொரட்டூரில் இறங்கினாள். அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது. எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரத்தில் செய்வதையே செய்தாள். அழகு நிலையங்களாக ஏறி இறங்கி, முதல் புடவை இலவசம் என்று சொன்னாள். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது கடைக்காரம்மா அவளையும் மேசையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊருக்குப் புதுசாம்மா?"

"ஆமாங்க," என்றாள் பேபி. சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது.

அந்தம்மா உள்ளே போய், கசங்கிக் கிடந்த ஒரு டிஷ்யூ புடவையைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். இருப்பதிலேயே மடிப்பு நிற்காத ரகம். பேபி பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டாள்.