மூன்று மார் அறை

பிள்ளைகளே, எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டது. மைசூரில், மண்டி மொஹல்லாவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை. பூக்கூடையும் நூல்கண்டும் வைக்கிற ஓர் அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. கூடைகளை வெளியே எடுத்துவிட்டு அந்த அறையில் என்னைப் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அம்மா மட்டும் உள்ளே வருவாள். சாமிக்குப் போகிற பூவைத் தொடுகிறவர் என்பதால் அப்பா கதவு வரைக்கும்கூட வரவில்லை. கூடத்தில் நின்றபடியே இருமி, தான் வந்திருப்பதைத் தெரிவிப்பார்.

அம்மை போட்ட வீட்டில் பல சட்டங்கள் உண்டு. குழம்பு தாளிக்கக் கூடாது. விருந்தாளி வரக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த அறைக்குள் போன பொருள் எதுவும் மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே வரக் கூடாது. கொப்புளங்கள் காய்ந்து உதிரத் தொடங்கியதும் வேப்பிலை போட்ட நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை தலைக்கு ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் நோயாளி மறுபடியும் மனிதன் ஆவான்.

இந்தச் சட்டத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் ஒன்று பிள்ளைகளுக்குக் கவிதைப் போட்டி வைத்திருந்தது. தலைப்பு, ‘நான் வாழும் இடம்’. வியாழக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விஜயநகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எழுதியவர்களே மேடையேறிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு எதிலும் பரிசு கிடைத்ததில்லை. ஓட்டத்தில் கடைசிக்கு முந்தினவன். பாட்டில் கடைசி. இந்த ஒன்றையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று நோய் வருவதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். சாமுண்டி மலை, அரண்மனை, தசரா யானை எல்லாம் வைத்து எழுதுவதாகத் திட்டம்.

இப்போது யானைக்கு எங்கே போவது? கண்ணுக்கு முன்னால் சுவர்தான் இருந்தது.

வேறு வேலை இல்லாததால் அறையை அளந்தேன். பூக்கடைக்காரர் பிள்ளைக்கு அளவு தெரியும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு மார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை முழம். அதற்குக் கீழே சாண், அதற்கும் கீழே விரல். அறை மூன்று மார் நீளம், இரண்டு மார் அகலம் இருந்தது. மறுநாள் காய்ச்சல் ஏறி எழுந்திருக்க முடியவில்லை. பாயை மட்டும் அளந்தேன், நாலு முழம். அதற்கடுத்த நாள் ஜன்னல். அதை ஜன்னல் என்று சொல்வதே மரியாதைக்குத்தான், ஒரு சாண் சதுரம். பிறகு கண் இமையிலும் கொப்புளம் வந்து தலையைத் திருப்ப முடியாமல் போனது. பக்கத்தில் இருந்த டம்ளரைத்தான் பார்க்க முடிந்தது. நாலு விரல்.

நேரமும் அப்படித்தான் ஆயிற்று. முதலில் நாட்களை எண்ணினேன். பிறகு பக்கத்து மசூதியின் பாங்கை எண்ணினேன், நாளுக்கு ஐந்து. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியே விழுகிற வெயில் துண்டு ஒரு பாங்குக்கும் அடுத்த பாங்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போகிறது என்று உடம்பில் பூசிய மஞ்சளைத் தொட்டுச் சுவரில் கோடு போட்டு வைத்தேன். கடைசியில் குழாய் சொட்டுகிற சத்தம்தான் மிச்சம்.

ஒரு மத்தியானம் இதெல்லாம் சேர்ந்து ஒரே வரிசையில் வந்து நின்றது. மார், முழம், சாண், விரல், சொட்டு. அறை சின்னதாகிக்கொண்டே போகும்போது பாட்டு மட்டும் ஏன் அதே அளவில் இருக்க வேண்டும்? முதல் பத்திக்கு ஐந்து வரி, அடுத்ததற்கு நாலு, அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று. சோகம், தனிமை என்றெல்லாம் எழுதக் கூடாது, கைக்கு எட்டியதைத்தான் எழுத வேண்டும் என்றும் நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியாது.

அந்தக் கவிதை இதுதான்.

மூன்று மார் நீளம் என் அறை
இரண்டு மார் அகலம்
நாலு பக்கமும் நாலு சுவர் நிற்கிறது
ஒரு நாள் முழுக்க நடந்தாலும்
கதவு வருவதில்லை

நாலு முழம் என் பாய்
இந்தப் பக்கம் புரண்டால் தரை, அந்தப் பக்கம் வேப்பிலை
ஒரு பாங்குக்கும் அடுத்த பாங்குக்கும் நடுவில்
ஒரு வெயில் துண்டு சுவர் ஏறுகிறது

ஒரு சாண் என் ஜன்னல்
அதற்குள் பக்கத்து வீட்டுச் சுவர்
பால்காரர் மணி கேட்கிற வரைக்கும்தான் தெரு

நாலு விரல் என் டம்ளர்
ஒரு வாய் குடித்தால் காலை தீர்ந்தது

ஒரு சொட்டு

வாயில் இருந்தது, தாளில் ஏற வேண்டுமே. தாள் வெளியே போகக் கூடாது. அதோடு எனக்குக் கன்னட எழுத்துதான் தெரியும், தமிழ் பேச்சோடு சரி. என் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்த் தமிழ் எழுதக் கற்றிருந்தாள். அவளுக்கு இன்னும் அம்மை போட்டதில்லை, அதனால் கிட்டே வரக் கூடாது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில், ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி, பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றுகொண்டாள். நான் உள்ளேயிருந்து கத்த, அவள் வெளியேயிருந்து எழுதினாள். தினமும் சாயங்காலம் ஒரு பத்தி.

புதன்கிழமை காலையில் எனக்கு முதல் தண்ணீர் ஊற்றினார்கள். சாயங்காலம் அக்கா முழுதையும் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டே வந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் ஜன்னலில் ஒரு கிளி வந்து உட்கார்ந்திருந்தது. பாய்க்குப் பக்கத்தில் ஒரு சாவி கிடந்தது. டம்ளருக்குப் பின்னால் ஒரு மைதானமே வந்துவிட்டது. கடைசிப் பத்தியை அவள் இப்படிப் படித்தாள்:

ஒரு சொட்டு
சொட்டு மழையாகும்
மழை ஆறாகும்
ஆறு ஓடும்
நானும் ஓடுவேன்

“யாரு அக்கா உன்னைக் கிளியெல்லாம் போடச் சொன்னது?”

“எல்லாப் பத்தியும் அஞ்சு வரி வரணும் மரி. நீ வர வர கொறைச்சுட்டே போற. காய்ச்சல்ல மறந்துட்டேன்னு நான்தான் சேர்த்தேன்.” கொஞ்சும்போது அவளுக்குக் கன்னடத்து ‘மரி’, குட்டி என்று அர்த்தம், வந்துவிடும்.

“மறக்கல. கொறையணும்னுதான் கொறைச்சேன்.”

“கடைசில ஒத்த வரியா? பிச்சைக்காரன் தட்டு மாதிரி இருக்குடா. பேடா, வேண்டாம், நான் சொல்றதைக் கேளு. இதுல ஆறு வருது, நல்லா இருக்கு.”

“ஆறு எங்க இருக்கு இங்க? நீ வந்து பாரு, டம்ளர்தான் இருக்கு.”

“நான் வர முடிஞ்சா வந்திருக்க மாட்டேனா?” என்றாள்.

கிளி ஒன்று வந்தால் போதும், என் அறை அறையாக இருக்காது. அது என் கவிதையே இல்லை. “அதைக் கொடுத்தேன்னா, மேடையிலயே இது என்னுது இல்லைன்னு சொல்லிடுவேன்” என்று கத்தினேன். கதவைத் திறந்துகொண்டு சந்துக்கே ஓடப் பார்த்தேன். அம்மா குறுக்கே நின்றாள்.

“கால் வெளிய வெச்சே, மறுபடி மொதல் தண்ணியிலேர்ந்து ஆரம்பிப்பேன்” என்றாள். அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. நான் பாய்க்குத் திரும்பினேன். ஜன்னலில் அக்கா இல்லை.

வியாழக்கிழமை அவள் தாளைக் கொடுத்துவிட்டு வந்ததாக அம்மா சொன்னாள். எந்தத் தாள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அக்கா ஜன்னல் பக்கமே வரவில்லை. மூன்று நாள் நான் சொட்டை எண்ணியபடி கிடந்தேன். போட்டி முடிவைவிட, என் அறைக்குள் கிளி இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். அப்பா முதல்முறையாக என் தலையைத் தொட்டார். “ஆள் பாதியாயிட்டான்” என்றார். ஸ்கூட்டரில் முன்னால் நான், பின்னால் அம்மா, நடுவில் அக்கா. எந்தத் தாள் என்று அவளாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

மண்டபத்தில் என் முகத்துத் தழும்புகளைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள். எனக்கு முன்னால் அரண்மனை மூன்று முறையும் சாமுண்டி மலை நாலு முறையும் வந்துவிட்டன. என் பெயரைக் கூப்பிட்டு, அக்கா கொடுத்த தாளை என் கையில் தந்தார்கள்.

எனக்கு அதில் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். ஐந்து வரி. நாலு. மூன்று. இரண்டு. அப்புறம் ஒன்று, அதன் கீழே வெறும் தாள். படிக்கட்டு மாதிரி, அழகான எழுத்தில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் புதிதாக எழுதியிருந்தாள்.

தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னேன். முதல் பத்தியில் பின்வரிசைக்காரர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சாண் வந்தபோது பேச்சு நின்றது. டம்ளர் வந்தபோது முன்வரிசையில் ஓர் அம்மாள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். ‘ஒரு சொட்டு’ என்று சொல்லி நிறுத்தினேன். இன்னும் ஏதோ வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. வராது என்று அவர்களுக்குப் புரிந்த நொடியில் கைதட்டல் வந்தது.

நடுவராக வந்திருந்த ஆசிரியர் எழுந்து, “ஏம்ப்பா, போகப் போக இப்படிக் கொறைச்சுட்டே?” என்று கேட்டார்.

“எடம் அவ்வளவுதான் இருந்தது சார்” என்றேன்.

முதல் பரிசு ஓர் எவர்சில்வர் தட்டு. அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், “மார், முழம் எல்லாம் நம்ம கடைச் சரக்குங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் தட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அன்றைக்கு நான் மைசூர் மகாராஜா. யானை மட்டும்தான் பாக்கி.

கீழே அக்கா நின்றிருந்தாள். தோளில் இருந்தபடியே அவளைப் பார்த்து, “பாத்தியா, ஒத்த வரிக்குத்தான் கை தட்டினாங்க” என்றேன்.

“கடைசில நீ அந்தச் சொட்டுக்குள்ளயே இருந்துட்டியேடா” என்றாள்.

“கவிதைன்னா அப்படித்தான் இருக்கும், உனக்குத் தெரியாது” என்றேன். அவள் சிரித்தாள். எனக்காகச் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன். அதுவும் உண்மைதான்.

பிள்ளைகளே, அவள் வரி எண்ணத் தெரியாதவள் என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். தினமும் சந்தில் நின்று, தம்பியின் அறை சிறுத்துக்கொண்டே வருவதைத் தன் கையாலேயே எழுதியவள் அவள். உள்ளே வந்து என்னைத் தொட முடியாதவள், ஒரு சாவியையும் ஒரு கிளியையும் ஓர் ஆற்றையும் அனுப்பி என்னை வெளியே கூட்டிவரப் பார்த்திருக்கிறாள். நான் கத்தியதும், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, என்னை அந்தச் சொட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுப் புதுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது, தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்த அந்தப் பையனுக்குத் தெரியவே இல்லை.