உடையாத கொக்கி

சிதம்பரத்தில் ஒரு நர்சுகள் விடுதி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறையில், நைட் டூட்டி முடிந்து வந்த பெண் ஒருத்தி காலையில் படுத்திருந்தாள். தலைக்கு மேல் சுவர்க் கொக்கியில் மாட்டியிருந்த பை நழுவி அவள் புருவத்தில் விழுந்தது. மூன்று தையல்.

அந்தக் கொக்கி கடலூரில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியில் வார்த்தது. வரைந்தது நான். முதலாளி என்னை அனுப்பினார்.

கொக்கி உடையவில்லை, கழுத்து மட்டும் தொங்கிப் போயிருந்தது. மற்ற அறைகளிலும் அதே கதி.

"நாங்க ஜாஸ்தி வெயிட் மாட்டுறோம்னு உங்க முதலாளி போன்ல சொல்றாரு," என்றாள் அந்தப் பெண். "நாலு கிலோ பை மேடம். அஞ்சு கிலோ தாங்கும்னு அட்டையிலயே போட்டிருக்கு. வருசம் பூரா அங்கதான் தொங்குது. நாங்க வேற எங்க மாட்டுறது?"

கொக்கி தொங்கியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. நாங்கள் பத்து கிலோவைப் பத்து நிமிடம் தொங்கவிட்டுப் பார்த்து 'பாஸ்' போட்டிருந்தோம். பிளாஸ்டிக் ஒரே பாரத்தை மாதக்கணக்கில் சுமந்தால், உடையாமலே இளகி நீளும். அறை சூடாக இருந்தால் இன்னும் வேகமாக. நான் முதலில் வரைந்த கொக்கிக்கு அடியில், கையைத் தாங்கும் மெல்லிய பட்டைகளாக இரண்டு விலாக்கள் இருந்தன. பிளாஸ்டிக் மிச்சமாகும் என்று முதலாளி அவற்றை எடுக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டது நான்தான்.

திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன்.

"உடையல இல்ல? அப்ப நம்ம தப்பு இல்லம்மா. ரெண்டு கிலோன்னு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்."

"தையல் போட்ட புருவத்துல ஒட்டுவீங்களா சார்?"

நான் விடவில்லை. ஒரு பெட்டிக்குள் பல்பு வைத்து ஐம்பது டிகிரி சூடாக்கி, பழைய கொக்கி இரண்டில் நாலு கிலோ கல்லைக் கட்டினேன். பக்கத்தில் மாதிரி அச்சில் வார்த்த புதியது இரண்டு: கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக், குட்டையான கை, சுவரோடு சேரும் இடத்தில் கூர்மூலைக்குப் பதில் நல்ல வளைவு, அடியில் விலாக்கள், பை நழுவாதபடி உயர்ந்த நுனி. வெறுமனே தடிப்பாக்கினால் ஆறும்போது குழி விழும், அதனால்தான் விலா. தினமும் நுனி நிற்கும் இடத்தைப் பின்னால் இருந்த அட்டையில் பென்சிலால் குறித்தேன்.

புதியது முதல் நாட்களில் ஒரு மயிரிழை இறங்கியது. பிறகு கோடுகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பழையதின் கோடுகள் இறங்கிக்கொண்டே போயின. ஆறாவது வாரம் பழைய கொக்கியிலிருந்து ஒரு கல் தடாலென்று விழுந்தது. முதலாளி பக்கத்தில்தான் நின்றார்.

"சரி, அச்ச வெட்டு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அச்சின் இரும்பில் விலாவுக்குப் பள்ளம் வெட்டிவிட்டால் பழைய கொக்கியை இனி வார்க்க முடியாது. அன்று மதியமே பட்டறைக்கு அனுப்பினேன். விடுதிக் கொக்கிகள் அத்தனையும் மாறின. ஆனால் அதற்குள் மற்ற ஊர்க் கடைகளுக்குப் போன பழைய பெட்டிகளை அவர் திருப்பி வாங்கவில்லை. "எல்லாம் வித்துருக்கும், விடு," என்கிறார். விற்றிருக்கும், சார், யார் தலைக்கு மேலோ தொங்கிக்கொண்டும் இருக்கும். அதுதான் எனக்கு ஆத்திரம்.