வெல்டிங்காரர் வீட்டு மஞ்சள் நெருப்பு

என் வீட்டுக்காரருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் வெல்டிங் பட்டறை. வீட்டு கேஸ் அடுப்போ மஞ்சளாக எரிந்து, பாத்திரமெல்லாம் கரி. நான் சரியாகத் தேய்ப்பதில்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது.

“ஏனுங்க, பட்டறைல நெருப்பு மஞ்சளா எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“காத்து பத்தலைன்னு ஆக்சிஜனக் கூட்டுவேன்…” என்றவர் பாதியில் நிறுத்தினார்.

பர்னரைக் கழற்றினார். பால் பொங்கி வழிந்து ஓட்டைகள் அடைபட்டிருந்தன. காற்றுத் துவாரத்திலும் தூசி. ஊக்கால் குத்திச் சுத்தம் செய்து மாட்டியதும் நெருப்பு நீலமானது. அந்தப் பெருமையில், பிடி வைத்த சின்னக் கிண்ணியில் காபியை வைத்துத் தீயை முழுசாகத் திறந்தார். நெருப்பு கிண்ணியைத் தாண்டி ஏறிப் பிடியைக் கருக்கியது. காபி பொங்கி பர்னரில் வழிந்தது.

“அம்மணி…” என்றார்.

“தீ பாத்திரத்துக்கு அடியிலயே நிக்கோணுமுங்க. சின்னதுக்கு சிம் போதும்” என்று சொல்லி, ஊக்கை மறுபடி அவர் கையிலேயே கொடுத்தேன்.