பதினெட்டு அடி வீடு

எங்கள் வீட்டின் அகலம் பதினெட்டு அடி, நீளம் அறுபது அடி. இது கோர்ட் அளந்து சொன்ன கணக்கு. அதற்கு முன் முப்பது வருடம் அதில் குடியிருந்தும் எங்களில் ஒருவருக்கும் அதை அளந்து பார்க்கத் தோன்றியதில்லை. எரியோட்டுப் பக்கம் இருந்த பூர்வீக நிலத்தின் வரும்படியில், பிள்ளைகள் படிக்கவென்று அப்பா திண்டுக்கல்லில் வாங்கிய வீடு அது. படித்தது நான் ஒருத்திதான். படித்து அதே ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆனேன்.

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா இறக்கும்போது வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தோம். பின்கட்டில் அண்ணன் குடும்பம், நடுக்கூடத்தில் தம்பி குடும்பம், தெருவைப் பார்த்த முன்னறையில் நான். எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அந்த நாளில் தனியாக இருக்கும் பெண்ணுக்குத் திண்டுக்கல்லில் வீடு வாடகைக்குக் கிடைக்காது. கேட்டுப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். "கூட யாரு இருக்காங்க?" என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்றால் வீடும் இல்லை. அந்த முன்னறை போனால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

அப்பா செய்த ஒரே புதுமை, ஐம்பத்தாறில் புதிய வாரிசுச் சட்டம் வந்த பிறகு இறந்தது. இரண்டு வருடம் முன்னால் போயிருந்தால் எனக்கு ஒரு பிடி மண்கூடக் கிடைத்திருக்காது. பூர்வீகச் சொத்து என்பதால் முதலில் அப்பா, அண்ணன், தம்பி என்று மூன்று பங்கு. அதில் அப்பாவின் பங்கை மட்டும் நாங்கள் மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக அண்ணனுக்கு ஒன்பதில் நான்கு, தம்பிக்கு ஒன்பதில் நான்கு, எனக்கு ஒன்பதில் ஒன்று. பின்னக் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்ட மாணவிகளுக்கு அதுவரை என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை.

நிலத்துக் கிணற்றின் தண்ணீர் முறையில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். அண்ணன் பாகப் பிரிவினை வழக்குப் போட்டார். அவர் வாதி, தம்பி ஒன்றாம் பிரதிவாதி, நான் இரண்டாம் பிரதிவாதி. சம்மன் கொண்டுவந்த கோர்ட் ஆளுக்கு வழி காட்டியதே அண்ணன்தான். "இவன் நடுக்கூடத்துல இருப்பான், இவ முன்னறையில இருப்பா" என்று கூடவே வந்து கையெழுத்து வாங்க வைத்தார். அண்ணி அந்த ஆளுக்கு மோர் கொடுத்தாள்.

இரண்டு வருடம் கழித்து முதல்நிலைத் தீர்ப்பு வந்தது. அது ஒரு விசித்திரமான காகிதம். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும். அந்தப் பங்கு எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அண்ணன் அது புரியாமல் அன்று சாயங்காலமே முற்றத்தின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். தம்பி மனைவி ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டாள். எங்கே என்று தீர்மானிக்க இறுதித் தீர்ப்பு வேண்டும், அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும் என்று என் வக்கீல் விளக்கினார். வயதானவர், மெதுவாகப் பேசுவார், என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார்.

மனுப் போட்டதும் கோர்ட் ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராகப் போட்டது. அவர் குடையும் சர்வேயருமாக நிலத்துக்கு வந்தார். இரண்டு நாள் சங்கிலி இழுத்தார்கள். ஒன்பது ஏக்கர் நிலம். நாலு, நாலு, ஒன்று என்று வெட்டிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அளவு அல்ல, மதிப்புத்தான் சமமாக வேண்டும். கிணற்றை ஒட்டிய கரிசல் அண்ணனுக்குக் கொஞ்சம் குறைவாக, மேட்டுச் சரளை தம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாக, வாய்க்கால் ஓரம் கனகாம்பரம் போட்டிருந்த எண்பது சென்ட் எனக்கு என்று பிரித்தார். கிணறு பொது. ஒன்பது நாளில் நாலு நாள் அண்ணனுக்கு, நாலு நாள் தம்பிக்கு, ஒரு நாள் எனக்குத் தண்ணீர். வரைபடத்தில் மூன்று நிறம் பூசி, நான்கு பக்க எல்லையும் எழுதி, கல் நட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்கள். இருவரும் சொன்னது ஒன்றுதான்: மற்றவனுக்கு நல்ல மண் போய்விட்டது. நீதிபதி இரண்டையும் படித்துவிட்டு, கமிஷனர் சரியாகத்தான் பிரித்திருக்கிறார் என்று நிலத்துக்கு இறுதித் தீர்ப்புக் கொடுத்தார். அவரவர் பங்குக்கு முத்திரைத்தாள் வாங்கிக் கொடுத்து நகல் எடுத்துக்கொண்டோம்.

வீடுதான் மிச்சம். கமிஷனர் டேப்பைப் பிடித்துக்கொண்டு முன்னாலும் பின்னாலும் நடந்தார். ஒரே தெருக்கதவு, ஒரே நடை, ஒரே முற்றம், ஒரே கிணற்றடி. நீளவாக்கில் பிரித்தால் எட்டடி, எட்டடி, இரண்டடி.

"ரெண்டடியில நீங்க என்ன செய்வீங்க டீச்சர்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"நிக்கலாம்," என்றேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. வீட்டைப் பிரித்தால் யாருக்கும் உதவாது என்று மட்டும் அறிக்கை கொடுத்தார்.

பிரிக்க முடியாத சொத்தைக் கோர்ட் விற்றுப் பணத்தைப் பங்கிடலாம். ஆனால் தானாக விற்காது. பங்காளிகள் கேட்க வேண்டும். கேட்பவர்களின் பங்கு பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏலம் வந்தால் பங்காளியும் விலை கேட்கலாம், தன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சம் கட்டினால் போதும். ஏலத்தில் வீட்டைத் தானே எடுத்துவிடலாம் என்று அண்ணன் நினைத்தார். தம்பியும் அதையே நினைத்தான். ஆனால் ஒன்பதில் நான்கு பாதி ஆகாது. ஐந்து வேண்டும். அந்த ஒன்று என்னிடம் இருந்தது.

என் வாழ்நாளில் அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை. அண்ணன் தோட்டத்திலிருந்து தக்காளி, கத்தரிக்காய் என்று கூடை கூடையாகக் கொண்டுவந்தார். தம்பி அய்யலூர்ச் சந்தைக்குப் போய்வந்த அன்று பாதி ஆட்டுத்தொடையை என் அறை வாசலில் வைத்தான். நான் சைவம் என்பது அவனுக்கு நினைவில்லை.

"ஏத்தா, ஒரு கையெழுத்துத்தான. ஒனக்கு அண்ணன் செய்யாம வேற யாரு செய்வா?" என்றார் அண்ணன்.

"வீட்ட எடுத்தப்புறம் நான் எங்கண்ணே இருக்கது?"

"அத அப்புறம் பாத்துக்கிரலாம்."

தம்பியிடமும் அதையே கேட்டேன். "அக்கா, மொத காரியம் முடியட்டும்," என்றான். முன்னறை உனக்குத்தான் என்று இருவரில் ஒருவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் நான் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன். அதைக்கூட நானேதான் கேட்டேன். எழுதுவதற்கு இருவருக்கும் பேனா கிடைக்கவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. காய்கறி நின்றது. பிறகு பேச்சு நின்றது. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது அண்ணனும் தம்பியும் முற்றத்தில் ஒன்றாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகவே இருந்தது. மறுநாள் வக்கீல் ஆபீசுக்குப் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. இருவரும் சேர்ந்து, வீட்டை விற்றுத் தரும்படி மனுப் போட்டிருந்தார்கள். ஒன்பதில் எட்டு. என் ஒன்று இனித் தேவையில்லை. இவள் வெளியே போகட்டும், பிறகு நாம் ஏலத்தில் பார்த்துக்கொள்வோம் என்பது அவர்களுடைய ஏற்பாடு.

வக்கீல் மனுவை இரண்டு தடவை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், இவங்க ரெண்டு பேரும் விக்கச் சொல்லிட்டாங்க. நீங்க சொல்லல."

"ஆமா."

"விக்கச் சொன்னவங்களோட பங்க, சொல்லாத பங்காளி கோர்ட் போடுற விலைக்கு வாங்கிக்கிரலாம். ஏலத்துக்கே போகாது. சட்டத்துல இருக்கு. இப்ப சொல்லாத பங்காளி நீங்க ஒருத்தர்தான்."

மேஜையில் கிடந்த ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் என்னுடன் சேர்ந்து கேட்டிருந்தால் அந்த உரிமை மற்றவருக்குக் கிடைத்திருக்கும். ஒருவரும் கேட்காவிட்டால் வீடு அப்படியே கிடந்திருக்கும். என்னை வெளியேற்ற இருவரும் ஒற்றுமையானதால் எட்டுப் பங்கும் என் முன்னால் வந்து நின்றது. அவர்களுடைய வக்கீல்கள் எச்சரித்தார்களாம். "டீச்சர் எங்க போயி அம்புட்டுப் பணம் கட்டப்போறா?" என்று அண்ணன் சிரித்ததாக வக்கீல் குமாஸ்தா பிறகு சொன்னார்.

நான் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட்டேன். அண்ணனும் தம்பியும் அலறியடித்துக்கொண்டு, விற்கச் சொன்னதை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார்கள். நான் கேட்ட பிறகு அவர்கள் வாபஸ் வாங்க முடியாது என்றார் நீதிபதி. கோர்ட் வீட்டுக்கு மதிப்புப் போட்டது, எட்டுப் பங்கின் விலையைக் கட்ட எனக்கு இரண்டு மாதம் கொடுத்தது. பிராவிடண்ட் ஃபண்டில் எடுக்க முடிந்ததை எடுத்தேன். கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்து வைத்த நகை ஒரு காரியத்துக்கு உதவியது. அதுவும் போதாமல் கனகாம்பரக் கொல்லையைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு எழுதிக் கொடுத்தேன். ஒன்பது நாளுக்கு ஒரு நாள் தண்ணீர் முறையும் அதோடு போனது. கெடு முடிய நான்கு நாள் இருக்கையில் கோர்ட்டில் கட்டினேன்.

அவர்கள் வீட்டைக் காலி செய்த அன்று பள்ளிக்கு லீவு போட்டேன். வாசலில் ஒரே ஒரு வண்டி நின்றது. இரண்டு குடும்பத்துச் சாமானும் ஒரே வண்டியில் ஏறியது. தம்பி கீழே நின்று எடுத்துக் கொடுக்க, அண்ணன் மேலே நின்று வாங்கி அடுக்கினார். "பாத்துடா, அம்மி வழுக்கும்," என்றார் அண்ணன். "நீ காலத் தள்ளி வையிண்ணே," என்றான் தம்பி. சின்ன வயதில் வைக்கோல் ஏற்றும்போது பேசிக்கொண்ட அதே குரல். என்னிடம் யாரும் பேசவில்லை. அண்ணி மட்டும் சமையலறைச் சாவியை என் அறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

வண்டி திரும்பியதும் உள்ளே வந்து அழுதேன். ஜெயித்த வழக்குக்கு இப்படி அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் கேட்டது அவர்களோடு இருக்க ஒரு முன்னறை. எனக்குக் கிடைத்தது அவர்கள் இல்லாத முழு வீடு.

பிறகு அவர்கள் நிலத்திலேயே, கமிஷனர் நட்ட கல்லின் இரு பக்கமும், பொதுச்சுவர் வைத்து இரண்டு வீடு கட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். தண்ணீர் முறையில் தகராறு இல்லையாம். எனக்கு அங்கே இப்போது ஒரு சென்ட்கூட இல்லாததால், போய்ப் பார்க்கச் சாக்கும் இல்லை.

பின்கட்டையும் நடுக்கூடத்தையும் பூட்டி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை திறந்து கூட்டிவிட்டு மறுபடி பூட்டிவிடுவேன். படுப்பது முன்னறையில்தான். ஒருநாள் விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டு, மரஸ்கேலால் அந்த அறையை அளந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி, நூற்று இருபது சதுர அடி. வீடு முழுவதும் ஆயிரத்து எண்பது. சரியாக ஒன்பதில் ஒன்று.